2.5 சதவீதத்துக்கும் 11 சதவீதத்துக்கும் நடுவே

"தாத்தா, என் சம்பளக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வங்கி 2.5 சதவீதம் வட்டி தருகிறது. வீட்டு அட்வான்ஸுக்காக 1,50,000 ரூபாய் கடன் கேட்டால் அதே வங்கி 11 சதவீதம் என்கிறது. எங்கள் பணத்தை வாங்கித்தானே கடன் கொடுக்கிறார்கள்? நடுவிலுள்ள எட்டரை சதவீதம் யாருக்குப் போகிறது?"

கும்பகோணம்,
ஜனவரி 2026

அன்புள்ள பேரனுக்குத் தாத்தாவின் ஆசிகள். இங்கு நானும் உன் பாட்டியும் நலமாக இருக்கிறோம்.

1979 முதல் 2016 வரை வங்கியில் எழுத்தராக வேலை பார்த்த காலத்தில் இதே கேள்வியைக் கவுன்ட்டருக்கு வெளியே நின்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கும். ஆகவே முழுப் பதிலையும் சொல்ல வாய்த்ததில்லை. உனக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான், தொலைபேசியில் பேசி முடிக்காமல், உட்கார்ந்து எழுதுகிறேன்.

சேமிப்புக் கணக்கில் நீ வைத்திருக்கும் பணத்தை நள்ளிரவில்கூட ஏ.டி.எம்.மில் போய் எடுக்கலாம். ஏன் எடுக்கிறாய் என்று கேட்க வங்கிக்கு உரிமை கிடையாது. ஆனால் வங்கி உனக்குக் கடன் கொடுத்துவிட்டால், தவணையை ஒழுங்காகக் கட்டி வரும்வரை, "எனக்குப் பணம் தேவைப்படுகிறது, திருப்பிக் கொடு" என்று அதனால் நடுவில் கேட்க முடியாது. எந்த நிமிடமும் கிளம்பிப் போய்விடக்கூடிய பணத்தை வாங்கி, மூன்று ஆண்டுக்கோ இருபது ஆண்டுக்கோ கட்டுண்டு கிடக்கும் பணமாகக் கொடுப்பதுதான் வங்கியின் தொழில். உன் பணம் எப்போது போகும் என்று தெரியாததால் அதற்கு விலை குறைவு. அதே பணத்தை ஓராண்டு தொடமாட்டேன் என்று நிரந்தர வைப்பில் போட்டால் அதே வங்கி 6 முதல் 6.5 சதவீதம் வரை தருகிறது. ஆகவே நீ ஒப்பிட்ட இரண்டு எண்களில் ஒன்று, வங்கி வாங்கும் பணத்திலேயே மிக மலிவான பணத்தின் விலை. மற்றொன்று, அது விற்கும் கடன்களில் விலை கூடிய ஒன்றின் விலை. இந்த இரண்டு ஓரங்களையும் விட்டு நடுப்பகுதியைப் பார்த்தால் இடைவெளி பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

சேமிப்புக் கணக்கு மலிவு என்றேன். ஆனால் அதை நடத்தும் செலவு குறைவன்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு கணக்குக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு வரவையும் பற்றையும் கையால் எழுதி, இருப்புப் போட்டு, இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். அந்த வேலைச் சுமையால் அன்று தினசரி இருப்புக்கு வட்டி போடவில்லை. மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எதுவோ, அதற்கு மட்டும்தான் அந்த மாத வட்டி. விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் 10ஆம் தேதிக்குள் ஓடி வந்து பணம் கட்டுவார். விவரம் தெரியாத எத்தனையோ பேர் 28ஆம் தேதி பெரும்பகுதியை எடுத்துவிட்டு, எடுத்த தொகைக்கு அந்த மாத வட்டி முழுவதையும் இழப்பார்கள். அது நியாயமன்று என்று எனக்கு அப்போதே தோன்றும். 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்ட பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. இன்று பேரேட்டின் இடத்தில் கணினி வந்துவிட்டது. ஆனால் நீ டீக்கடையில் 15 ரூபாய்க்குக் கைபேசியைக் காட்டும் ஒவ்வொரு முறையும் உன் கணக்கில் ஒரு பற்று எழுதப்படுகிறது, அதற்காக உன்னிடம் யாரும் பணம் வாங்குவதில்லை. அந்தச் செலவும் வட்டி இடைவெளியிலிருந்துதான் போகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு வங்கிக்கு 100 ரூபாய் வைப்புப் பணம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். ரிசர்வ் வங்கி விதிக்கும் விகிதங்களை நான் உள்ளபடியே சொல்கிறேன். மற்ற எண்கள் வங்கிக்கு வங்கி மாறும், ஓர் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

அந்த நூற்றில் 10 ரூபாய் வியாபாரிகளின் நடப்புக் கணக்கில் இருக்கிறது, அதற்கு வட்டி இல்லை. 30 ரூபாய் உன்னைப் போன்றோரின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, 2.5 சதவீத வீதம் அதற்கு 75 காசு. மீதி 60 ரூபாய் நிரந்தர வைப்பு, 6.5 சதவீத வீதம் 3 ரூபாய் 90 காசு. ஆக, 100 ரூபாய்க்கு வங்கி ஆண்டுதோறும் கொடுக்கும் வட்டி 4 ரூபாய் 65 காசு. வங்கிக்குப் பணத்தின் உண்மையான கொள்முதல் விலை இதுதான். நீ நினைத்த 2.5 சதவீதம் அன்று.

அடுத்து, இந்த 100 ரூபாயையும் கடனாகக் கொடுத்துவிட முடியாது. 3 ரூபாயை ரிசர்வ் வங்கியிடம் ரொக்க இருப்பாக வைக்க வேண்டும், நாங்கள் சி.ஆர்.ஆர். என்போம். அதற்கு ஒரு காசு வட்டி கிடையாது. 18 ரூபாயைப் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களில் போட வேண்டும், அது எஸ்.எல்.ஆர். அதில் 6.5 சதவீதம் வருகிறது என்றால் 1 ரூபாய் 17 காசு. ஏ.டி.எம்.களிலும் காசாளரின் பெட்டியிலும் ஒரு ரூபாய் எப்போதும் சும்மா கிடக்கும். மிச்சம் 78 ரூபாய். அதை மட்டுமே கடனாகக் கொடுக்கலாம்.

செலவைச் சேர்ப்போம். ஊழியர் சம்பளம், வாடகை, கணினி, பணம் ஏற்றிச் செல்லும் வண்டி, காவலாளி எல்லாமாக 100 ரூபாய் வைப்புக்கு 1 ரூபாய் 80 காசு என்று கொள். வைப்புக் காப்பீட்டுக்கு 12 காசு. உன் வங்கி முழுகிப்போனாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்கச் செய்யும் காப்பீடு அது. அதன் பிரீமியத்தை வங்கி தன் கையிலிருந்து கட்ட வேண்டுமே தவிர, வைப்பாளரிடம் வசூலிக்கக் கூடாது. இப்போது கூட்டு: 4.65, 1.80, 0.12 சேர்ந்து 6 ரூபாய் 57 காசு. பத்திரங்களிலிருந்து வந்த 1 ரூபாய் 17 காசைக் கழித்தால் 5 ரூபாய் 40 காசு. இந்த 5 ரூபாய் 40 காசை அந்த 78 ரூபாய்க் கடன்தான் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் 6.92 சதவீதம் வருகிறது. ஒருவர்கூடக் கடனை ஏமாற்றாமல், பங்குதாரருக்கு ஒரு காசு லாபமும் தராமல் நடத்தினால்கூட, ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே வங்கியால் கடன் கொடுக்க முடியாது. நீ கேட்ட எட்டரை சதவீதத்தில் நாலரை இங்கேயே கரைந்துவிட்டது.

1990களின் தொடக்கத்தில் சி.ஆர்.ஆர். 15 சதவீதமும் எஸ்.எல்.ஆர். 38.5 சதவீதமுமாக இருந்தன. 100 ரூபாயில் 53 ரூபாய் 50 காசு கட்டுண்டு கிடந்தது. மீதி 46 ரூபாய் 50 காசுதான் எல்லாச் செலவையும் சுமந்தது. அன்று கடன் வட்டி மிக உயரத்தில் இருந்ததற்கு அது பெரிய காரணம். நிலத்துக்குக் கிணறு வெட்டக் கடன் கேட்டு வருபவரிடம் அந்த வட்டியைச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கும்.

இனி மீதி 4 சதவீதம். இதுதான் உன் கேள்வியின் உயிர்நிலை. கொஞ்சம் பொறுமையாகப் படி.

நூறு பேருக்கு ஆளுக்கு 1 லட்சம் வீதம், ஜாமீன் எதுவும் இல்லாத தனிநபர் கடன் 11 சதவீத வட்டிக்குக் கொடுக்கப்படுகிறது. கணக்கு எளிதாக இருக்க, ஓராண்டு கழித்து அசலும் வட்டியும் ஒன்றாக வரும் என்று கொள்வோம். மூன்று பேர் கட்டவில்லை. வேலை போய்விட்டது, ஊரை விட்டுப் போய்விட்டார், இறந்துவிட்டார், ஏதோ ஒன்று. 97 பேர் கொடுத்த வட்டி 10 லட்சத்து 67 ஆயிரம். மூன்று பேரிடம் போன அசல் 3 லட்சம். நிகரமாக வங்கிக்கு வந்தது 7 லட்சத்து 67 ஆயிரம், அதாவது 7.67 சதவீதம். ஒருவர் தராத 1 லட்சத்தை ஈடுகட்ட, ஒழுங்காகக் கட்டும் ஏறக்குறைய ஒன்பது பேரின் முழு ஆண்டு வட்டி தேவைப்படுகிறது என்பதைக் கவனி. வைப்பாளரிடம் போய், "கடன் வாங்கியவர் தரவில்லை, ஆகவே உங்களுக்கும் இல்லை" என்று வங்கி சொல்ல முடியாது.

இப்போது அதே நூறு பேருக்கு வீட்டை அடமானமாக வைத்துக்கொண்டு 8 சதவீதத்துக்குக் கொடுத்ததாகக் கொள். சொந்த வீடு போய்விடுமே என்ற அச்சத்தில் எதைக் குறைத்தாலும் அந்தத் தவணையை மட்டும் கட்டிவிடுவார்கள், ஒருவர்தான் தவறுகிறார். வீட்டை ஏலம் விட்டதில் அந்த 1 லட்சத்தில் 80 ஆயிரம் வந்துவிடுகிறது. 99 பேரின் வட்டி 7 லட்சத்து 92 ஆயிரம், நட்டம் 20 ஆயிரம், நிகரம் 7 லட்சத்து 72 ஆயிரம். அதாவது 7.72 சதவீதம். 11 சதவீதக் கடனைவிட 8 சதவீதக் கடனில் வங்கிக்கு ஒரு சிறு துளி கூடுதலாகவே மிஞ்சுகிறது! வட்டி கூடிய கடனில் வங்கி கொழிக்கிறது என்று நாம் நினைப்பது இந்த ஓர் இடத்தில்தான் பிழையாகிறது. உன்னிடம் கேட்கும் 11 சதவீதத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதம், உனக்கு முகமே தெரியாத அந்த மூன்று பேருக்காக நீ கட்டுவது.

அந்த மூன்று பேர் யார் என்று முன்பே தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரிந்தால் கொடுத்திருக்கவே மாட்டார்கள். கடன் பிரிவில் இருந்தபோது நான் கண்ட அறிகுறிகள் எல்லாம் கொடுத்த பிறகு தெரிபவை. 5ஆம் தேதி வரும் தவணை முதலில் 12ஆம் தேதிக்குத் தள்ளும், பிறகு 25ஆம் தேதிக்கு. அடுத்து அந்தக் கணக்கில் சம்பளம் வருவது நின்றுவிடும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். அதன் பிறகு கைக்கு வராத வட்டியை வங்கி வருமானமாக எழுதக் கூடாது. ஜாமீன் இல்லாத கடனானால் தொடக்கத்திலேயே நிலுவையில் 25 சதவீதத்தை லாபத்திலிருந்து ஒதுக்கி வைக்கவும் வேண்டும். கடனில் ஒரு பகுதிக்கு வங்கி தன் சொந்த மூலதனத்தைத் தாங்கலாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தனிநபர் கடனில் நிகரமாக வந்த 7.67 சதவீதத்தில் முன்பு சொன்ன 6.92 போக மிஞ்சும் முக்கால் சதவீதத்திலிருந்துதான் அந்த மூலதனத்தைப் போட்டவர்களுக்கான லாபமும் வருமான வரியும் போக வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் வங்கி செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாடுவதாக எண்ணாதே. ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2011 அக்டோபர் வரை சேமிப்பு வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. அதன் பிறகு ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். போட்டியால் வட்டி உயரும் என்று நாங்களும் நினைத்தோம். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. ரெப்போவோடு பிணைத்த வீட்டுக் கடன்களுக்குச் சில மாதங்களுக்குள் வட்டி கூடிவிட்டது. நிரந்தர வைப்பின் வட்டி மெதுவாக ஏறியது. பெரிய வங்கிகள் பலவற்றில் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டியோ அசையவே இல்லை. பின்னர் ரெப்போ இறங்கத் தொடங்கி, 2025 டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வருவதற்குள்ளேயே, ஏறாமலே நின்ற அந்தச் சேமிப்பு வட்டியும் இறக்கப்பட்டுவிட்டது. இதற்குச் செலவையோ வாராக்கடனையோ காரணமாகச் சொல்ல முடியாது. சேமிப்புக் கணக்குக்காரர்கள் வட்டியைப் பார்த்து வங்கி மாறுவதில்லை என்பது வங்கிக்குத் தெரியும், அதுதான் காரணம். ஓய்வூதியத்தை அப்படியே கணக்கில் விட்டு வைக்கும் என் வயதுக்காரர்கள்தாம் இதில் அதிகம் இழக்கிறார்கள்.

இழப்பு எவ்வளவு என்று நீயே போட்டுப் பார்க்கலாம். இருப்பை வட்டி வீதத்தால் பெருக்கி 36,500ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி. 1 லட்சத்துக்கு 2.5 சதவீதமானால் நாளுக்கு 6 ரூபாய் 85 காசு, 6.5 சதவீதமானால் 17 ரூபாய் 81 காசு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 ரூபாயை நீ வங்கிக்கு விட்டுக்கொடுக்கிறாய். இரண்டு மாதச் செலவுக்கு வேண்டியதைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொள். அதற்கு மேல் சேர்வதை நிரந்தர வைப்புக்கு மாற்றிவிடு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேர்ந்தால் தானாகவே வைப்புக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும் வசதியும் பல வங்கிகளில் உண்டு; கேட்டால்தான் செய்து தருவார்கள்.

இனி உன் 1,50,000 ரூபாய். கடந்த மார்ச் மாதம் 2 லட்சம் ரூபாயை ஓராண்டு வைப்பில் 6.5 சதவீதத்துக்குப் போட்டிருப்பதாகச் சொன்னாயே, அது முதிர இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்துகொண்டு தனிநபர் கடனுக்குப் போயிருக்கிறாய். அந்த வைப்பின் பேரில் கடன் கேள். பொதுவாக வைப்பு வட்டிக்கு மேல் 1 சதவீதம், அதாவது 7.5 சதவீதம்தான் கேட்பார்கள். 11 எப்படி 7.5 ஆனது என்று பார்: நீ தராவிட்டால் வங்கி உன் வைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அந்த மூன்று பேரின் நட்டம் இந்தக் கணக்கில் நுழைய இடமில்லை. சம்பளச் சான்றும் வேண்டாம், சிபில் மதிப்பெண்ணையும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள்.

வைப்பையே முறித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். முறித்தால், பணம் எத்தனை மாதம் இருந்ததோ அத்தனை மாதத்துக்குரிய வட்டி வீதத்தைத்தான் தருவார்கள். அதிலும் 1 சதவீதம் வரை அபராதம் பிடிப்பார்கள். பத்து மாத வைப்புக்கு 6 சதவீதம் என்று கொண்டால் உனக்குக் கிடைப்பது 5 சதவீதம். 2 லட்சத்துக்குப் பத்து மாதத்தில் 2,500 ரூபாய் நட்டம். மாறாக, 1,50,000 ரூபாயை 7.5 சதவீதத்துக்கு இரண்டு மாதம் வாங்கினால் வட்டி 1,875 ரூபாய். அதே இரண்டு மாதத்தில் முறிக்காத உன் வைப்பு 2,167 ரூபாய் ஈட்டுகிறது. வைப்பு போட்டு ஒரு மாதமே ஆகியிருந்து, பணம் ஓராண்டுக்குத் தேவைப்பட்டிருந்தால் முறித்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். உன் நிலையில் முறிப்பது தவறு.

திங்கட்கிழமை கிளைக்குப் போகும்போது வைப்பு ரசீதை எடுத்துக்கொண்டு போ. ரசீதின் பின்புறம் கையொப்பமிடச் சொல்வார்கள். வீதம் எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் ஏதும் உண்டா, முதிரும் நாளில் கடனை நேர்செய்துவிட்டு மீதியை உன் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பார்களா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள். தனிநபர் கடனுக்கு நீ கொடுத்த விண்ணப்பத்தில் பணம் இன்னும் கணக்குக்கு வரவில்லை என்றால், அதை ரத்துசெய்யும்படி அன்றே ஒரு கடிதம் கொடுத்துவிடு. என்ன சொன்னார்கள் என்று மாலையில் எனக்குப் பேசு.

அன்புடன்,
தாத்தா